திரையில் தெரியும் அட்டவணையை அலையும் பட்டையும் இல்லாமல் படமெடுக்க

மதிப்பெண் பட்டியல், ரயில் நிலையப் பலகை, வங்கியில் வட்டி விகிதம், நகைக்கடை வாசலில் அன்றைய விலை என்று இப்போது எதைக் கேட்டாலும் திரையைக் காட்டி, "போன்ல எடுத்துக்கோங்க" என்கிறார்கள். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் எண்களின் மேல் வானவில் நிறத்தில் நெளிநெளியாக அலை ஓடுகிறது. இல்லையென்றால் அட்டவணையின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்து இரண்டு வரியை மறைத்திருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கோளாறு போலத்தான் இருக்கும். ஆனால் நெளிவு தூரத்தால் வருவது, பட்டை நேரத்தால் வருவது. ஒன்றுக்கான வழியை மற்றதில் எவ்வளவு செய்தாலும் பலன் இருக்காது. அதனால்தான் பலரும் பத்துப் படம் எடுத்தும் பத்தும் பாழாகிப் போகின்றன.

1. பொத்தானை அழுத்துமுன் எது என்று கண்டுபிடியுங்கள்

கேமராவைத் திறந்து அட்டவணையை நோக்கிப் பிடியுங்கள். படம் எடுக்க வேண்டாம். போனை ஒரு சாண் முன்னே கொண்டுபோய், பிறகு பின்னே இழுங்கள். கோடுகள் வளைந்து, அகன்று, நெருங்கி உருமாறினால் அது நெளிவு. பெரும்பாலும் அதில் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்திருக்கும்.

போனை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே ஒரு கருநிறப் பட்டை மெல்ல மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ அது பட்டை. சந்தேகமாக இருந்தால் நிறுத்தி வைத்த போனைப் படுக்கவைத்துப் பிடித்துப் பாருங்கள். பட்டையும் போனோடு சேர்ந்து திரும்பினால் சந்தேகமே வேண்டாம். அது உங்கள் கேமரா படத்தை வரிவரியாகப் படிக்கும் திசையில் விழுவதால்தான் போன் திரும்பும்போது கூடவே திரும்புகிறது.

நெளிவு என்றால் குறிப்பு 3 முதல் 6 வரை. பட்டை என்றால் 7 முதல் 10 வரை. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பட்டையைச் சரிசெய்துவிட்டு, பிறகு நெளிவுக்கு வாருங்கள்.

2. படமே தேவையா என்று ஒரு நொடி கேளுங்கள்

திரை உங்களுடைய கணினியோ போனோ என்றால் அதைக் கேமராவால் எடுக்கவே எடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நெளிவும் வராது, பட்டையும் வராது. விண்டோஸ் கணினியில் `Windows + Shift + S` அழுத்தி, அட்டவணையை மட்டும் சுற்றி வெட்டி எடுக்கலாம். அடுத்தவர் கணினியாக இருந்தாலும் அச்சிடும் பகுதிக்குப் போய் PDF ஆகச் சேமித்து மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பிரவுசிங் சென்டரில், "பிரிண்டர் மக்கர் பண்ணுது சார்" என்று சொல்பவர்கூட இதைச் செய்து தருவார், ஏனென்றால் இதற்கு பிரிண்டரே வேண்டாம். இதற்கு வழியில்லாத இடத்துக்குத்தான் மற்ற குறிப்புகள்.

3. நெளிவுக்கு முதல் மருந்து: பாதிப் பாதியாக எடுங்கள்

இரண்டு கொசுவலைத் துணியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எந்த வலையிலும் இல்லாத பெரிய அலை ஒன்று தெரியும். மானிட்டரில் ஒரு வலை, அதாவது வரிசையாக அடுக்கிய ஒளிப்புள்ளிகள். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் இன்னொரு வலை. இரண்டின் கண்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போய், சரியாக ஒத்துப்போகாமல் இருக்கும்போதுதான் அலை பெரிதாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே தவறு செய்கிறோம் என்று புரிந்துவிடும். அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பரவலாக இருக்கும் 24 அங்குல மானிட்டரில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகள். 12 மெகாபிக்சல் படம் எடுக்கும் போனில் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 4,000 புள்ளிகள். முழுத் திரையும் சட்டத்துக்குள் சரியாக அடங்கும்படி பிடித்தால், மானிட்டரின் ஒரு புள்ளிக்குக் கேமராவில் இரண்டு புள்ளிக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கிறது. இது மிக மோசமான அளவு. சென்சாரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் உரிய கண்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதாவது அந்த நிறங்களின் வலைக்கண் அகலமும் இரண்டு புள்ளி. அகலம் முழுக்க 2,000 கண்ணும் 1,920 கண்ணும் மோதுகின்றன. வித்தியாசம் 80. படத்தின் குறுக்கே சுமார் 80 நிற அலைகள் எழும்பும். முழுத் திரையும் அழகாக அடங்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிடிக்கும் படம்தான் அதிகம் நெளிவதற்கு இதுதான் காரணம்.

அதே திரையின் இடது பாதியை மட்டும் சட்டத்தின் அகலம் நிறையும்படி எடுத்தால் ஒரு திரைப்புள்ளிக்குக் கேமராவில் நான்கு புள்ளிக்கு மேல் கிடைக்கும். வலைக்கண்களின் அகலம் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிவிடுவதால் அலை அநேகமாக மறைந்துவிடும். முழுத் திரைக்கு முக்கால் முழம் தள்ளி நிற்கவேண்டியிருந்தால், பாதித் திரைக்கு அதில் பாதித் தூரம் போதும். வலது பாதியை அடுத்த படமாக எடுங்கள். இரண்டு படத்திலும் பொதுவாக ஒரு பத்தி இருக்கட்டும், தலைப்பு வரியும் இரண்டிலும் விழட்டும். அப்போதுதான் எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்ற குழப்பம் பிறகு வராது.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. கிட்டே போவதென்றால் கையால் போனைக் கிட்டே கொண்டுபோவதுதான். நின்ற இடத்திலிருந்தே விரலால் ஜூம் செய்வது பெரும்பாலும் அதே படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே, நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அடுத்தது, மிகவும் நெருங்கினால் சில போன்கள் தாங்களாகவே மேக்ரோ லென்ஸுக்கு மாறிவிடும். திரையில் சின்னதாக ஒரு பூச் சின்னம் தோன்றும். அந்த லென்ஸில் ஓரங்கள் வளைந்து மங்கும். சின்னத்தைத் தொட்டு அணைத்துவிட்டு ஒரு விரல்கடை பின்வாங்குங்கள்.

4. எழுத்தைத் திரையிலேயே பெரிதாக்கச் சொல்லுங்கள்

அட்டவணை பிரவுசரில் திறந்திருந்தால் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு `+` விசையை இரண்டு மூன்று முறை தட்டினால் எழுத்து பெரிதாகும். அட்டவணை திரைக்குள் அடங்காமல் போகும், போகட்டும். உருட்டி உருட்டி மூன்று படமாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்து பெரிதாகும்போது அதன் கோடும் தடிக்கும். திரையின் புள்ளிகள் அதே அளவில்தான் இருக்கும். ஆகவே நெளிவு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அது எழுத்தின் வடிவத்தைக் கெடுக்காது. பிறகு படத்தைச் சற்று மங்கலாக்கி நெளிவைக் கரைக்கவும் இடம் இருக்கும். சின்ன எழுத்தை மங்கலாக்கினால் 3, 8, 6 மூன்றும் ஒன்றாகிவிடும். பெரிய எழுத்து தாங்கும்.

போனிலுள்ள எழுத்தறியும் வசதியைக் கொண்டு படத்திலிருந்து எண்களைப் பிரித்தெடுக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு மிக முக்கியம். ஒவ்வோர் எண்ணும் படத்தில் 20, 30 புள்ளி உயரமாவது இருந்தால்தான் அந்த வசதி நம்பும்படி வேலை செய்யும்.

5. போனைக் கடிகார முள் போலச் சற்றே சுழற்றுங்கள்

கிட்டே போக முடியாத இடங்கள் உண்டு. கவுன்ட்டருக்கு அப்பால் மானிட்டர் இருக்கும், நடுவே கண்ணாடி இருக்கும். அங்கே போனைத் திரைக்கு நேராகவே வைத்துக்கொண்டு, படம் சாய்ந்து விழும்படி பத்துப் பதினைந்து டிகிரி சுழற்றுங்கள். இரண்டு வலைகளும் சாய்கோணத்தில் குறுக்கிடும்போது அலைகள் மெல்லியதாகி நெருங்கிவிடும். கண்ணுக்கு உறுத்தாது, எழுத்தையும் மூடாது. முன்னோட்டத் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் நெளிவு சட்டென்று அடங்குவது தெரியும். அங்கே நிறுத்தி எடுங்கள்.

சுழற்றுவதையும் பக்கவாட்டில் போய் நின்று எடுப்பதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து எடுத்தாலும் நெளிவு குறையக்கூடும், ஆனால் அட்டவணை ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்று, பத்திகள் கோணிக்கொள்ளும். சுழற்றி எடுத்த படத்தை போனிலேயே நேராக்கிவிடலாம். கோணிய படத்தை ஸ்கேன் செயலியில் இழுத்து நிமிர்த்தும்போது நெளிவு வேறு வடிவில் திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

6. நெளிவு படத்தில் இருக்கிறதா, பார்க்கும் திரையில் இருக்கிறதா?

எடுத்த படத்தைச் சிறியதாகப் பார்க்கும்போது நெளிந்து தெரிந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். 4,000 புள்ளி அகலப் படத்தை போன் தன் சின்னத் திரைக்குச் சுருக்கிக் காட்டுகிறது. அந்தச் சுருக்கத்திலேயே புது அலை பிறக்கும். விரலால் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அலை காணாமல் போனால் படம் நல்ல படம். எழுத்தோடு சேர்ந்து அலையும் பெரிதானால்தான் அது படத்திலேயே பதிந்தது.

அப்படிப் பதிந்துவிட்டால், பளிச்சென்ற நிறத்தில் உள்ள நெளிவைப் படத்தின் நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பெருமளவு தணிக்கலாம். நிற வலைக்கண் அகலமானது என்பதால் நிற அலைதான் எப்போதும் முரட்டுத்தனமாக இருக்கும். நிறம் போனதும் மிஞ்சுவது லேசான சாம்பல் கோடுகள். ஆனால் சிவப்பில் எழுதினால் தோல்வி, பச்சையில் எழுதினால் தேர்ச்சி என்பது போன்ற அட்டவணையாக இருந்தால் நிறமுள்ள மூலப் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

7. பட்டைக்கு மருந்து ஷட்டர் நேரம்

இனி பட்டைக்கு வருவோம். பல திரைகளும் எல்.இ.டி. பலகைகளும் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. போன் கேமரா ஒரே கணத்தில் முழுப் படத்தையும் பிடிப்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிவரியாகப் படித்துக்கொண்டு போகிறது. திரை எரிந்த நேரத்தில் படித்த வரி வெளிச்சமாகவும், அணைந்த நேரத்தில் படித்த வரி இருட்டாகவும் பதிகிறது. அதுதான் பட்டை.

வெளிச்சம் உள்ள இடத்தில் போன் தானாகவே 1/500 நொடி, 1/1000 நொடி என்று வேகமான ஷட்டரைத் தேர்ந்தெடுத்துவிடுவதுதான் வம்பு. ஷட்டர் மெதுவாக இருந்தால் ஒவ்வொரு வரியும் பல எரிதல்களையும் பல அணைதல்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், எல்லா வரியும் ஒரே அளவு வெளிச்சம் பெறும். கேமராவில் `Pro` என்ற பகுதிக்குப் போய் ஷட்டரை 1/60 அல்லது 1/30 என்று வையுங்கள். மானிட்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிப்பவை என்பதால் இந்த இரண்டு அளவும் அவற்றுக்குப் பொருந்தும். ஐ.எஸ்.ஓ.வை இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் படம் வெளுத்துவிடும்.

மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்ட முடிந்தால் முழுவதும் கூட்டச் சொல்லுங்கள். பல மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கே அணைந்திருக்கும் நேரத்தை நீட்டுகின்றன. முழு வெளிச்சத்தில் அந்த அணைதல் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். திரை எரிச்சலூட்டும் அளவுக்குப் பளிச்சிட்டால் கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

திரையில் அல்லாமல் அறை முழுக்கவே பட்டை விழுந்தால் குற்றவாளி மேலே எரியும் பழைய டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அடங்கும், விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. திரையில் விழும் அதன் பிம்பமும் தொலையும்.

8. எல்.இ.டி. பலகையில் 7 எப்படி 1 ஆகிறது?

மானிட்டரில் பட்டை விழுந்தால் தெரிந்துவிடும், மறுபடி எடுத்துவிடுவோம். எல்.இ.டி. பலகையில் அப்படியில்லை. படம் சுத்தமாக இருப்பது போலவே இருக்கும், எண் மட்டும் மாறியிருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

கடை வாசல்களில் ஒற்றை நிறத்தில் மின்னும் பலகைகளில் பெரும்பாலானவை P10 எனப்படும் வகை. புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி. 32 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் கொண்ட தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்திருப்பார்கள். பரவலாக உள்ள இந்தத் தகட்டில் எந்த ஒரு கணத்திலும் நாலில் ஒரு பங்கு வரிசைகள்தான் எரிகின்றன. முதலில் ஒரு கூட்டம், அடுத்து இன்னொரு கூட்டம் என்று மாறி மாறி மிக வேகமாக எரிவதால் கண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கிறது. 1/1000 நொடியில் எடுக்கும் கேமராவால் அப்படிச் சேர்க்க முடியாது. அந்தக் கணத்தில் அணைந்திருந்த வரிசை படத்தில் இருக்கவே இருக்காது.

ரயில் பலகையை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே இரவில் ஓடும் வண்டிகளில் 12631 நெல்லை எக்ஸ்பிரஸ், 12633 கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், 12637 பாண்டியன் எக்ஸ்பிரஸ். முதல் நான்கு இலக்கமும் ஒன்றுதான், கடைசி இலக்கம் மட்டுமே வேறு. புள்ளிகளால் ஆன 7-ன் மேல் வரிசை படத்தில் விழாமல் போனால் மிஞ்சுவது ஒரு சாய்கோடு. அவசரத்தில் பார்ப்பவருக்கு அது 1. மதுரைக்குப் போகும் வண்டியின் நடைமேடை எண்ணைத் திருநெல்வேலி வண்டிக்கு உரியதாக எடுத்துக்கொண்டு, பெட்டியும் பையுமாக வயதானவர்கள் படிக்கட்டு ஏறி இறங்க நேரும். வீட்டிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நடைமேடையைத் தெரிவிக்க அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், அவர்களால் பலகையைத் திரும்பப் பார்த்துச் சரிசெய்துகொள்ளவும் முடியாது.

இதற்கு 1/30 நொடியில் தொடங்குங்கள். எழுத்தில் வரிசை விடுபட்டால் 1/15-க்கு இறக்குங்கள். 1/15 நொடிக்குக் கை நடுங்கக்கூடாது. தூணில் தோளைச் சாய்த்து, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு நொடி டைமரை வைத்துவிடுங்கள். பொத்தானைத் தட்டும் அதிர்வுகூட அப்போது படத்தில் விழாது.

நிலையப் பலகைகள் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். பக்கம் மாறி முடிந்த மறுகணம் எடுங்கள். மாறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மெதுவான ஷட்டரில் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஓடும் எழுத்தாக மட்டுமே காட்டும் பலகையில் மெதுவான ஷட்டர் எழுத்தை இழுத்துவிடும். அதை வீடியோவாக எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படிப்பதுதான் சரி.

எடுத்தது சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரே பலகையை அடுத்தடுத்து மூன்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். விடுபட்ட வரிசை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருந்தால் அது கேமராவின் வேலை, ஷட்டரை இன்னும் மெதுவாக்க வேண்டும். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருட்டாக இருந்தால் பலகையிலேயே விளக்கு போய்விட்டது. அப்போது எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் அந்த இலக்கம் தெரியாது. அதே வரியிலுள்ள வண்டியின் பெயரைப் பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

9. எல்.இ.டி. எழுத்து வீங்கினால் வெளிச்சத்தைக் குறையுங்கள்

பலகை முழுக்கக் கறுப்பு, நடுவே சில எழுத்துகள் மட்டும் வெளிச்சம். இதைப் பார்த்த போன் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 8-க்கு நடுவிலுள்ள இரண்டு ஓட்டைகளும் அடைபடும், 0, 6, 8, 9 எல்லாம் ஒரே சிவப்புக் கட்டியாகத் தெரியும். எரியும் எழுத்தின் மேலேயே விரலை வைத்துத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியச் சின்னம் வரும். அதைக் கீழே இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். `Pro` பகுதியில் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து இதே பலனைப் பெறலாம். ஃபிளாஷ் கூடவே கூடாது, அது பலகையின் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாக விழும்.

கூரை இல்லாத இடத்தில் உச்சி வெயிலில் இருக்கும் பலகைக்கு ஷட்டரை மெதுவாக்கினால் படம் முழுக்க வெளுத்துவிடும். அங்கே லென்ஸுக்கு முன்னால் நல்ல கறுப்புக் கூலிங்கிளாஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 1/30-ல் எடுத்துப் பாருங்கள். எல்.இ.டி. பலகைக்கு எந்தக் கண்ணாடியும் சரிவரும். மானிட்டருக்கும் டி.வி.க்கும் மட்டும் போலரைஸ்டு கண்ணாடி வேண்டாம். ஒரு கோணத்தில் திரையையே கறுப்பாக்கிவிடும்.

10. ஷட்டரை மாற்ற முடியாத போனில்

ஐபோனின் சொந்தக் கேமராவில் ஷட்டர் நேரத்தை வைக்க இடமில்லை. அதில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அந்தப் படத்தைத் திறந்து `Long Exposure` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சில நொடிகளில் பதிந்த படங்களையெல்லாம் அது ஒன்றாகச் சேர்த்துவிடும், விடுபட்ட வரிசைகளும் சேர்ந்து வந்துவிடும். போன் அசையாமல் இருப்பது இதற்கு அவசியம்.

மற்ற போன்களில் `Pro` பகுதி இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று ஐந்தாறு படங்களை மளமளவென்று எடுங்கள். ஒரு படத்தில் விடுபட்ட வரிசை இன்னொன்றில் இருக்கும். படம் திருத்தும் செயலியில் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து `Lighten` முறையில் சேர்த்தால், எரிந்த புள்ளிகள் அத்தனையும் ஒரே படத்தில் வந்துவிடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், நாலைந்து வரிக்கு அதுவே வேகம்.

11. பெரிய எல்.இ.டி. திரைக்குத் தூரக் கணக்கு

விழா மேடையிலும் மைதானத்திலும் வைக்கும் பெரிய எல்.இ.டி. திரையில் நெளிவு, பட்டை இரண்டும் சேர்ந்தே வரும். ஷட்டரை முதலில் 1/30 ஆக்குங்கள். பிறகு தூரம். 10 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள திரையென்றால், சாதாரண போன் லென்ஸில் சுமார் 15 மீட்டர் தூரத்தில் ஒரு விளக்குக்கு இரண்டு கேமராப் புள்ளி என்ற அந்த மோசமான அளவு வந்துவிடும். 5 மீட்டருக்கு நெருங்கினால் ஆறு புள்ளி கிடைக்கும், நெளிவு போய்விடும். இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் இந்தத் தூரங்கள் பாதியாகும். நெருங்க வழியில்லையென்றால் குவியத்தைக் கொஞ்சம் தவறவிடலாம். அருகிலுள்ள எதையாவது விரலால் அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிக்கொண்டு, பிறகு திரையை நோக்கித் திருப்பி எடுங்கள். விளக்குகளின் இடைவெளி கரைந்து எழுத்து ஒரே கோடாகத் தெரியும். பெரிய எழுத்துக்கு மட்டுமே இது ஏற்றது.

12. படித்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள்

நல்ல படமாகவே இருந்தாலும் எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு அட்டவணையே தரும் சோதனையைச் செய்யுங்கள். உதாரணத்துக்கு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ஆறு பாடம், மொத்தம் 600-க்கு. படத்தில் 92, 88, 95, 79, 80, 90 என்று படிக்கிறீர்கள், கூட்டினால் 524. பட்டியலின் கீழே மொத்தம் 530 என்று இருக்கிறது. 6 குறைகிறது. எந்த இலக்கத்தில் 6 தவறியிருக்க முடியும் என்று பார்த்தால் 80, 90 இரண்டும் கண்ணில் படும். இரண்டில் ஒன்றின் கடைசி இலக்கமான 6 நெளிவில் 0 போலத் தெரிந்திருக்கலாம். படத்தைப் பெரிதாக்கி முதலில் அந்த இரண்டு எண்களை மறுபடி பாருங்கள்.

மொத்தம் இல்லாத அட்டவணையில் எண்ணோடு எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் வண்டியின் பெயர் இருக்கும், நகைக்கடைப் பலகையில் ஒரு கிராம் விலையும் ஒரு சவரன் விலையும் இருக்கும். சவரன் 8 கிராம் என்பதால் ஒன்றை எட்டால் பெருக்கினால் மற்றது வரவேண்டும்.

13. வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்புங்கள்

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது ஆறாவது குறிப்பில் சொன்ன அதே புது அலை, இம்முறை படத்திலேயே நிலையாகப் பதிந்து போய்ச் சேரும். பெறுபவர் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது போகாது. இணைப்புச் சின்னத்தைத் தொட்டு `Document` என்பதைத் தேர்ந்தெடுத்துப் படத்தை அனுப்புங்கள், மூல அளவிலேயே போகும். அட்டவணைக்கு வெளியே உள்ள சுவர், மேசை, மானிட்டரின் விளிம்பு எல்லாவற்றையும் முன்னதாக வெட்டி நீக்கிவிட்டால் கோப்பும் சின்னதாகும், பக்கத்துத் திரையில் தெரிந்த மற்றவர் விவரமும் கூடப் போகாது.